இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே: பட்டம் யார் கொடுப்பார்கள்?

வாசகியின் கடிதம்

என் மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. கோவைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ‘2+2 ட்வின்னிங்’ என்று சொல்கிறார்கள். இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் ஆஸ்திரேலியாவில். இங்கே வருடத்துக்கு நாலரை லட்சம், அங்கே வருடத்துக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலர். யுஜிசி அனுமதி இருக்கிறது, ஆஸ்திரேலியப் பட்டம் கிடைக்கும், கிரெடிட் எல்லாம் அப்படியே போய்விடும், விசாவை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். படிப்பு முடிந்ததும் அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்க்கலாமாம். ஆனால் ஆஸ்திரேலிய சீட்டை உறுதி செய்ய இப்போதே 3 லட்சம் கட்டச் சொல்கிறார்கள். என் கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். வீட்டை வங்கியில் வைத்து முழுப் பணத்துக்கும் கடன் வாங்கிவிடலாம், மீதியைப் பையன் பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிப்பான் என்கிறார். சேர்க்கலாமா?

(ஈரோடு மாவட்ட வாசகி)

கல்வி ஆலோசகரின் பதில்

வணக்கம் அம்மா. சேர்க்கலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் இரண்டு வேலைகளை நிறுத்தி வையுங்கள். அந்த 3 லட்சத்தைக் கட்ட வேண்டாம். வீட்டுப் பத்திரத்தையும் இப்போது வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். இதனால் பையனின் இடம் போய்விடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். இந்த மாதிரிப் படிப்பில் கஷ்டப்பட்டு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பில் மோசமானவர்கள் இல்லை. மூன்றாம் வருடம் தொடங்கும்போது தங்கள் பெயர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரியாமல் நின்றவர்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

‘ட்வின்னிங்’ என்ற சொல்லுக்கு யுஜிசி சொல்லும் பொருள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் படிப்புகளுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதில் மூன்று வகை உண்டு. ட்வின்னிங் என்றால் மாணவர் கொஞ்ச காலம் வெளிநாட்டில் படிக்கலாம். ஆனால் மொத்த கிரெடிட்டில், அதாவது பாடங்களுக்குத் தரும் புள்ளிகளில், 30 சதவீதத்துக்கு மேல் அங்கே எடுக்கக் கூடாது, பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழகம்தான் கொடுக்கும். கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீதம் படிக்க வேண்டும், இரண்டு நிறுவனங்களின் பெயரும் உள்ள ஒரே சான்றிதழ் வரும். இரட்டைப் பட்டம் என்றால் குறைந்தது 30 சதவீதத்தை இங்கே முடித்திருக்க வேண்டும், இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகப் பட்டம் கொடுக்கும்.

இப்போது உங்களிடம் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். பி.டெக் படிப்பு 160 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 30 சதவீதம் என்பது 48. ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட் வீதம் பார்த்தால் இரண்டு செமஸ்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இரண்டு முழு வருடங்களை ஆஸ்திரேலியாவில் படித்து, ஆஸ்திரேலியப் பட்டமும் வாங்குவது யுஜிசி கணக்கில் ட்வின்னிங்கே இல்லை. ஒன்று, அது இரட்டைப் பட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் கிரெடிட் மாற்றம். அதாவது உங்கள் மகன் இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு, இங்கிருந்து விலகி, அங்கே மூன்றாம் வருடத்தில் புது மாணவனாகச் சேர்கிறான்.

இந்தக் கிரெடிட் மாற்றம் தவறு என்று சொல்ல மாட்டேன். பல நல்ல பல்கலைக்கழகங்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது இங்கேதான் முடிவாகிறது. உங்கள் மகன் முதல் நாளிலிருந்தே இந்தப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.டெக்கில் பதிவானவன் என்றால், விசா வராவிட்டாலும் ஐந்தாவது செமஸ்டரில் உட்கார்ந்து இங்கேயே பட்டத்தை முடிப்பான். ‘சர்வதேச டிப்ளமோ’, ‘பவுண்டேஷன்’ என்று ஏதாவது பெயரில் தனி வகுப்பில் சேர்த்திருந்தால், இரண்டு வருடமும் ஒன்பது லட்சமும் போன பிறகு கையில் ஒரு மதிப்பெண் தாள்தான் மிஞ்சும். சேர்க்கைக் கடிதத்தில் படிப்பின் பெயரும் கால அளவும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘பி.டெக், நான்கு ஆண்டுகள்’ என்று இருந்தால்தான் மேலே பேசலாம்.

‘யுஜிசி அனுமதி’ என்று சொன்னார்களே, அதற்கும் இப்படித்தான் கேட்க வேண்டும்: “மூன்றில் எந்த வகை? எழுத்தில் கொடுங்கள்.” இந்த ஏற்பாட்டுக்குள் எளிதாக வர இந்தியப் பக்கம் உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01 அல்லது மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 என்ற தகுதி வேண்டும். வெளிநாட்டுப் பக்கம் க்யூஎஸ் அல்லது டைம்ஸ் உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்க வேண்டும். இவை எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியல்கள், பையனே வீட்டிலிருந்து சரிபார்த்துவிடலாம். 2022 ஒழுங்குமுறைப்படி வாங்கும் பட்டத்துக்கு, இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் சமநிலைச் சான்று தனியாகத் தேவையில்லை. வெறும் கிரெடிட் மாற்றத்தில் வாங்கும் ஆஸ்திரேலியப் பட்டத்தோடு பின்னால் இங்கே அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைத்தால், யுஜிசியிடம் சமநிலைச் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கான விதிகள் 2025இல் வந்தன.

கிரெடிட் ‘அப்படியே’ போகாது

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கு 4 பாடம், வருடத்துக்கு 8. நான்கு வருட இன்ஜினியரிங் ஹானர்ஸ் என்றால் மொத்தம் 32 பாடம். இரண்டு வருடம் முழுதாக ஏற்றுக்கொண்டால் 16 கழிந்து 16 மீதம், நான்கு செமஸ்டர். விளம்பரத் தாளில் இருக்கும் 2+2 இந்தக் கணக்குதான்.

நடப்பில் அவர்கள் நம் பாடங்களை இரண்டு கூடையில் போடுவார்கள். ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்’ அங்கேயும் இருக்கிறது, அதனால் அந்தப் பாடத்துக்குப் பதிலாகவே ஏற்பார்கள். இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரிக்கு அங்கே கம்ப்யூட்டர் படிப்பில் இடமில்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று ஒவ்வொரு கிரெடிட் பாடங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நிகரான பாடத்துக்கு அங்கே எங்கே போவது? இந்த மாதிரிப் பாடங்களைப் பொதுவான விருப்பப் பாடக் கணக்கில் போடுவார்கள். அந்தக் கணக்கில் 4 பாடத்துக்குத்தான் இடம் என்றால் ஐந்தாவது வீண்.

உதாரணத்துக்கு, நேரடியாக 9 பாடம், விருப்பக் கணக்கில் 4, மொத்தம் 13 ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32இல் 13 போக 19 மீதம். நான்கு செமஸ்டரில் 16தான் முடியும். மூன்று பாடத்துக்காக ஐந்தாவது செமஸ்டர். வருடக் கட்டணம் 40,000 டாலர் என்றால் ஒரு பாடம் 5,000, மூன்றுக்கு 15,000. அரை வருட வாழ்க்கைச் செலவு இன்னொரு 15,000. டாலரை 60 ரூபாய் என்று போட்டால் 18 லட்சம். கிரெடிட்டில் மூன்று பாடம் குறைந்ததற்கு நீங்கள் கொடுக்கும் விலை இது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு நேர்ந்தது இன்னும் சின்ன விஷயம். மதிப்பெண் தாளில் தியரி ஒரு வரி, லேப் ஒரு வரி எனத் தனித்தனியாக இருந்தது. அவள் அனுப்பிய பாடத்திட்ட நகலில் லேப் மணிக்கணக்கு இல்லை. “மணிநேரம் போதவில்லை” என்று அந்தப் பாடத்தை அங்கே நிராகரித்துவிட்டார்கள். பழைய பாடத்திட்டத்தை நூலகத்தில் தேடி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் பதிவாளர் அலுவலக முத்திரை வாங்கி மறுபடி அனுப்பிய பிறகுதான் ஏற்றார்கள். அதனால் சேரும் நாளிலிருந்தே ஒவ்வொரு செமஸ்டரின் பாடத்திட்டத்தையும் முத்திரையோடு வாங்கி ஒரு ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். கிரெடிட்டுக்கு நிபந்தனைகளும் இருக்கும். குறைந்தபட்ச சிஜிபிஏ, அரியர் இல்லாமை இரண்டும் அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு.

இதில் ஒரு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்கத் தரும் 485 விசாவுக்கு, ஆஸ்திரேலியாவில் குறைந்தது 92 வாரம் என்று அரசுப் பட்டியலில் பதிவான படிப்பை முடித்திருக்க வேண்டும், அதுவும் 16 மாதத்துக்குக் குறையாமல் அந்த மண்ணில் இருந்து. கிரெடிட்டாகக் கழிந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. இப்போது உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கும் ஆஸ்திரேலியப் படிப்பின் சரியான பெயரைக் கேளுங்கள். அது மூன்று வருட ‘பேச்சிலர் ஆஃப் ஐடி’ என்றால் மொத்தம் 24 பாடம்தான். அதில் 16ஐயும் ஏற்றுக்கொண்டால் மீதி 8, ஒரே வருடம். கிரெடிட் தாராளமாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவீர்கள், ஆனால் வேலை விசா கிடையாது. 3+1 என்று விற்கும் படிப்புகளுக்கும் இதே கதிதான். அந்த இரண்டு வருட வேலைக் காலத்தை நம்பித்தான் கடன் வாங்குகிறீர்கள் என்றால், மிச்சமிருக்கும் படிப்பு இரண்டு முழு ஆண்டுகள்தானா என்று பார்த்தே ஆக வேண்டும்.

விசாவும் காலண்டரும்

“விசாவை நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்பதற்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள் என்பதுதான் பொருள். விசா கொடுப்பது ஆஸ்திரேலிய அரசு, விண்ணப்பதாரர் உங்கள் மகன். எந்த ஒப்பந்தமும் அந்த முடிவைக் கட்டுப்படுத்தாது. இப்போது சேரும்போது விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, இரண்டு வருடம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் விதிகள் மாறும். மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 டாலர் ஆனது, ஒரே வருடத்தில் 2,000 ஆகிவிட்டது.

வழி இப்படிப் போகும். முதலில் நிபந்தனையோடு ஒரு சேர்க்கைக் கடிதம் வரும். நான்காவது செமஸ்டர் மதிப்பெண் போன பிறகு நிபந்தனை நீங்கும். பிறகு அங்கே முன்பணமும் மருத்துவக் காப்பீடும் கட்டினால் சிஓஇ என்ற சேர்க்கை உறுதிச் சான்று வரும். அது இல்லாமல் விசா விண்ணப்பம் போட முடியாது. அதன்பின் கைரேகைப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, காத்திருப்பு.

இப்போது தேதிகளைப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் நான்காவது செமஸ்டர் தேர்வு மே மாதம் முடிந்தால் முடிவு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வரும். ஆஸ்திரேலியாவில் இரண்டாவது செமஸ்டர் ஜூலை கடைசியில் தொடங்கிவிடும். இந்த மூன்று நான்கு வாரத்துக்குள் மேலே சொன்ன அத்தனையும் நடக்காது. அதனால் பெரும்பாலான பிள்ளைகள் பிப்ரவரி கடைசியில் தொடங்கும் செமஸ்டருக்குத்தான் போக முடியும். விளம்பரத் தாளில் இந்த ஏழு மாதம் இருக்காது. அந்தக் காலத்தில் பையன் என்ன செய்வான்? இங்கே ஐந்தாவது செமஸ்டரில் தொடர்ந்தால் வருடம் வீணாகாது, விசா மறுக்கப்பட்டாலும் வகுப்பிலேயே இருப்பான். தொடர அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, அங்கே அந்தப் பாடங்களுக்கும் கிரெடிட் உண்டா என்று இப்போதே கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் மூன்று செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்தே சிஓஇ கொடுத்து, நான்காவதை வந்த பிறகு பார்ப்பார்கள். அப்படி இருந்தால் ஜூலையிலேயே போகலாம், எழுத்தில் இருக்க வேண்டும்.

கிரெடிட் முடிவும் விசாவுக்கு முன்னாலேயே கடிதமாக வந்துவிட வேண்டும். எத்தனை பாடம் ஏற்கப்பட்டது என்பதை வைத்துத்தான் சிஓஇயில் படிப்புக் காலத்தைக் குறிப்பார்கள், அதை வைத்துத்தான் விசாக் காலம். “வாருங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதை ஏற்காதீர்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு பற்றி ஒன்று. இப்போதே எழுதச் சொல்லி யாராவது கேட்டால் வேண்டாம். மாணவர் விசாவுக்கு அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், தேவைப்படும்போது காலாவதியாகியிருக்கும். நான்காவது செமஸ்டர் தொடக்கத்தில் எழுதினால் போதும். ஒப்பந்தப் படிப்பு என்பதால் அந்தப் பல்கலைக்கழகம் ஆங்கிலத் தேர்வை விட்டுக்கொடுத்தாலும் விசாவுக்கு அதைக் கேட்கக்கூடும்.

பணம்

இங்கே படிக்கும் காலத்துக்கு இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு ரூபாயில் கட்டுங்கள். அங்கே படிக்கும் காலத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே, உங்கள் வங்கி மூலம், டாலரில் கட்டுங்கள். நடுவில் மூன்றாவது கை இருக்கக் கூடாது. அந்த 3 லட்சம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆஸ்திரேலியச் சட்டப்படி, விசா மறுக்கப்பட்டு மாணவர் படிப்பைத் தொடங்க முடியாமல் போனால், கட்டிய கட்டணத்தில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். நல்ல பாதுகாப்பு. ஆனால் அது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணத்துக்கு மட்டும்தான். இங்கே யாரிடமோ ‘சீட் உறுதி’ என்று கட்டியதற்கு அந்தச் சட்டம் வராது. இரண்டு வருடம் கழித்து வாங்கப்போகும் மதிப்பெண்ணைப் பொறுத்து வரும் இடத்துக்கு இப்போது உறுதி என்று ஒன்றும் கிடையாது.

இங்கே சேர்ந்து சில நாளில் மனம் மாறினால், அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்கு எத்தனை நாள் முன்னே பின்னே விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பணம் திரும்பும் விகிதத்தை யுஜிசி வகுத்திருக்கிறது. அந்த நாள் தாண்டி ஒரு மாதம் ஆகிவிட்டால் எதுவும் வராது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. சரிபார்த்ததும் திருப்பி வாங்கிவிடுங்கள், பின்னால் விசாவுக்கு அவைதான் வேண்டும்.

மொத்தக் கணக்கையும் உங்கள் கணவரோடு உட்கார்ந்து போடுங்கள். விசாவுக்குக் காட்ட வேண்டிய ஒரு வருட வாழ்க்கைச் செலவு 29,710 டாலர். கட்டணத்தோடு சேர்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 70,000, இரண்டு வருடத்துக்கு 1,40,000. ரூபாயில் 84 லட்சம். கட்டணம் வருடா வருடம் ஏறும், சிட்னி மாதிரி ஊரில் வீட்டு வாடகை இந்தக் கணக்குக்குள் அடங்காது. பகுதி நேர வேலை வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம்தான். அது சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பகுதிக்கும் உதவும், கல்விக் கட்டணத்துக்குப் போதாது. விசா அதிகாரியும் வருங்காலச் சம்பளத்தைப் பணமாக எண்ண மாட்டார். முதல் வருடக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, பயணச் செலவு மூன்றுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். விசைத்தறி வருமானத்தை ஒழுங்காகக் கணக்கில் காட்டி இந்த இரண்டு வருடமும் வருமான வரித் தாக்கல் செய்துவிடுங்கள். கடைசி மாதத்தில் உறவினர்களிடம் வாங்கிக் கணக்கில் போடும் பெருந்தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கடனை இரண்டாகப் பிரியுங்கள். இங்கே ஆகும் 9 லட்சத்துக்கு மட்டும் இப்போது கல்விக் கடன் கேளுங்கள். வெளிநாட்டுப் பகுதிக்கு நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு வீட்டை வைத்துக் கேட்கலாம். போகாமலே போகக்கூடிய ஒரு பயணத்துக்காக இன்றே வீட்டை ஈடு வைக்க வேண்டியதில்லை. அப்புறம், கல்விக் கடனிலிருந்து அனுப்பும் கட்டணத்துக்கு, பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரியான டிசிஎஸ் பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள், வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது இங்குள்ள பல்கலைக்கழகப் பதிவாளருக்கு: மகன் நான்கு வருட பி.டெக்கில் பதிவாகிறானா, விசா கிடைக்காவிட்டால் ஐந்தாவது செமஸ்டரில் தொடரலாமா, எந்தக் கட்டணத்தில்? இரண்டாவது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு, முகவரை விட்டு நேரடியாக, அவர்கள் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு: இந்த நிறுவனத்தோடு உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதி வரை செல்லும், எந்தப் படிப்புக்கு, எத்தனை பாடத்துக்குக் கிரெடிட், அந்தப் படிப்பின் கிரிகோஸ் எண் என்ன? கிரிகோஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கப் பதிவு பெற்ற படிப்புகளின் அரசுப் பட்டியல். எண் கிடைத்தால் படிப்பு எத்தனை வாரம் என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். ஒப்பந்தத் தேதி முக்கியம். பையன் போகும் வருடத்துக்கு முன்பே அது முடிவதாக இருந்தால், முன்பே சேர்ந்த மாணவர்களுக்கு அது தொடருமா என்றும் கேளுங்கள்.

பதிவாளர் “ஆம், நான்கு வருட பி.டெக்” என்று எழுத்தில் சொல்லி, அந்த பி.டெக்கும் நாலரை லட்சத்துக்குத் தகுந்த படிப்புதான் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் சேருங்கள். ஆஸ்திரேலியாவைப் பற்றி மூன்றாவது செமஸ்டர் மதிப்பெண் வந்ததும் முடிவு செய்யலாம். பதில் வராமல், “நாளைக்குள் 3 லட்சம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்” என்று போன் மட்டும் வந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டுக் கவுன்சிலிங்கில் கிடைக்கும் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். நான்கு வருடம் இங்கே படித்துவிட்டு முதுகலைக்கு இரண்டு வருடம் ஆஸ்திரேலியா போனாலும், அந்த 92 வாரக் கணக்கு அவனுக்கு நிறைவேறும்.